ஒரு நோயாளியை வைத்து எழுதும் விண்ணப்பம்

பிரிட்டனில் மருத்துவமனை உதவிப் பணியாளர் ஒருவர் செவிலியர் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துகளுக்குள் தன்விளக்கம் எழுத வேண்டும். 2026 சேர்க்கை முதல் அது மூன்று கேள்விகளுக்கான விடையாக அமைகிறது. ஒரே நோயாளியைச் சுற்றி எழுதுவது நல்ல வழிதான். ஆனால் நோயாளியின் துயரத்தை விவரிப்பதிலேயே இடம் தீர்ந்துவிடக் கூடாது. பணியாளர் எதைக் கவனித்தார், என்ன செய்தார் என்பதே முக்கியம்.

மறதிநோயுள்ள முதியவர் ஒருவர் காலை உணவைத் தொடவில்லை, வழக்கத்தைவிடக் குழம்பியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். முழு நிமிடம் எண்ணியதில் மூச்சு 26. அங்குள்ள ‘நியூஸ் 2’ அட்டவணையில் 25-ஐத் தொட்டாலே 3 புள்ளி. பணியாளர் உடனே செவிலியரை அழைத்தார். செவிலியர் அடுத்து எவற்றைச் சோதித்தார், ஏன் என்று அறியும் ஆவல் அங்கே பிறந்தது. படிக்க விரும்புவதற்கான உண்மையான காரணம் அதுதான். நோயாளியின் பெயரோ அடையாளமோ எழுதக் கூடாது.