ஒரு மூச்சு வாழ்த்து

கண்டிப் பக்கத்து வீடுகளில் வெள்ளிவிழாத் திருமண நாள் என்றால் கேக் வெட்டி முடிந்ததும், ஜிஞ்சர் பியர் கிளாஸைக் கையில் கொடுத்து, "பிள்ளைகள் ஒரு டோஸ்ட் சொல்லுங்கோ" என்பார்கள். முன்பு ஐரோப்பாவில் மதுவுக்குள் வாட்டிய ரொட்டித் துண்டைப் போட்டுக் குடித்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. ரொட்டி போய்விட்டது, கிளாஸும் பேச்சும் மிஞ்சின. அந்தப் பேச்சு ஒரே மூச்சில் முடிய வேண்டுமென்றால் எவ்வளவு நீளம் இருக்கலாம்? நுரையீரலைக் கேட்டால் விடை கிடைக்கும்.

சும்மா இருக்கும்போது ஒரு தடவைக்கு ஏறத்தாழ அரை லீட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். பேசும்போது விநாடிக்கு 150 முதல் 200 மில்லிலீட்டர் வெளியேறுகிறது. ஆகவே சாதாரண மூச்சோடு பேசத் தொடங்கினால் மூன்று விநாடியில் கையிருப்பு தீர்ந்துவிடும். நன்றாக இழுத்து நிரப்பினால் வளர்ந்தவர் மூன்று முதல் ஐந்து லீட்டர் வரை வெளியே விடலாம். ஆனால் முழுவதையும் பேச்சுக்குச் செலவழிக்க முடியாது. நெஞ்சு நிரம்பியிருக்கும்போது ஊதிய பலூன் போல அது தானாகவே சுருங்கப் பார்க்கும், குரல் எளிதாக வரும். பாதி தாண்டியதும் அந்த உதவி நின்றுவிட, வயிற்றுத் தசைகள் இறுக்கித் தள்ள வேண்டியிருக்கும். கடைசிச் சொல் கரகரத்து முணுமுணுப்பாகத் தேய்ந்தால், காற்று அளவுக்கு மேல் செலவாகிவிட்டது என்று அர்த்தம்.

தமிழுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். எதற்காகப் பேசினோம் என்பது, காற்று மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் வந்து நிற்கும். அதனால் விவரத்தை முன்னால் ஏற்றி, முடிவுக்குச் சின்னதாக ஒரு சொல்லை விட்டுவைப்பது நல்லது.

ஓர் உதாரணம். 2000-இல் திருமணம் செய்த தம்பதி, மூன்று பிள்ளைகள். அம்மா கலஹாப் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியை, விடியும் முன்பே பஸ் பிடிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "கண்ணின் மணியாய் எங்களை வளர்த்து ஆளாக்கிய அன்புத் தெய்வங்களே..." இது எந்த வீட்டுப் பெற்றோருக்கும் பொருந்தும். காற்று செலவாகிறது, முகம் ஒன்றும் தெரியவில்லை. அதே அளவு காற்றில் இதைச் சொல்லலாம்:

"விடிகாலை கலஹா பஸ்ஸுக்கு அம்மா ஓடுமுன்னே பிளாஸ்க்கில் பிளேன்டீ ஊற்றிவைத்த அப்பாவுக்கும், அதில் பாதியை அவருக்கே மிச்சம் வைத்துப் போன அம்மாவுக்கும், எங்கள் மூவரின் வாழ்த்து!"

பத்தொன்பது சொல், வாய்விட்டு எண்ணினால் 56 அசை. விநாடிக்கு ஐந்து அசை என்ற நிதானத்தில் பதினோரு விநாடி. ஏறத்தாழ இரண்டு லீட்டர் காற்று. வளர்ந்தவருக்குத் தாங்கும். இன்னொரு நினைவையும் சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் "அம்மாவுக்கும்" என்ற இடத்திலேயே மூச்சு வாங்கும், கேட்பவர்கள் முடிந்துவிட்டதென்று நினைத்துக் கைதட்டிவிடுவார்கள். பிளேன்டீயை வைத்துக்கொண்டு மற்றதைச் சாப்பாட்டு மேசைக்கு விடுவதே மேல்.

பத்து வயதுக் கடைக்குட்டியிடம் முழுவதையும் கொடுக்க வேண்டாம். அந்த வயதில் முழு மூச்சே இரண்டு லீட்டர் அளவுதான். மூத்தவர் தொடங்கி, "எங்கள் மூவரின் வாழ்த்து" என்பதை மூவரும் சேர்ந்து சொன்னால், காற்று குறையும் இடத்தில் புதுக் காற்றோடு இரண்டு குரல் வந்து தாங்கும்.

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம்தான். அந்த உயரத்தால் பேச்சுக்கு ஒரு குறையும் வராது. குறை வைப்பது படிக்கட்டு. இந்த ஊரில் மண்டபத்துக்குப் போவதென்றால் பாதி இடங்களில் ஏற வேண்டும். ஏறி வந்த உடனே பேசினால் மூன்றாம் சொல்லிலேயே இளைக்கும். சோறு சாப்பிட்ட பிறகும் வேண்டாம், நிறைந்த வயிறு உதரவிதானம் இறங்க இடம் தராது.

எழுதியதை மனதுக்குள் வாசித்துப் பார்ப்பது ஏமாற்றும், ஏனென்றால் மனதுக்கு மூச்சு தேவையில்லை. நின்றபடி, விருந்தில் பேசும் சத்தத்தில் மூன்று தடவை சொல்லிப் பார்க்க வேண்டும். மூன்றிலும் "வாழ்த்து" தெளிவாகக் கேட்டால் நீளம் சரி. ஒரு தடவை தேய்ந்தாலும் "விடிகாலை"யை எடுத்துவிடலாம். கலஹா பஸ் எத்தனை மணிக்கு என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.