தேர்ச்சி அட்டை கூறும் செய்தி

தைப் பொங்கலுக்கு முந்திய வாரத்தில் ஒரு நாள் மாலை, சேலத்தில் வாழும் என் தங்கையிடமிருந்து என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அது அவள் மகளின் தேர்ச்சி அட்டையைப் பிடித்த நிழற்படம். ஏழாம் வகுப்பில் பயிலும் அச்சிறுமி, இரண்டாம் பருவத் தேர்வில் பெற்ற மதிப்பெண்கள் அதில் இருந்தன. படத்தைத் தொடர்ந்து தங்கையின் குரலும் வந்தது.

"அண்ணா, போன பருவத்தில் ஒன்பதாம் இடத்தில் இருந்தவள், இப்போது பதினான்காம் இடத்துக்குப் போய்விட்டாள். கணக்கில் தரமும் இறங்கிவிட்டது. இனி எறிபந்து ஆட்டத்திற்கு அனுப்பப் போவதில்லை என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை" என்றாள்.

நான் முப்பது ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன். இத்தகைய அட்டைகளை எத்தனையோ எழுதியிருக்கிறேன். எழுதுவோர் ஒன்றை எண்ணி எழுத, படிப்போர் வேறொன்றைப் படித்துக் கலங்குவதையும் கண்டிருக்கிறேன். எனவே, "முடிவு எதுவும் செய்ய வேண்டாம்; முதலில் அட்டையைப் படிப்போம்" என்று கூறி, முதற்பருவ அட்டையின் படத்தையும் அனுப்பச் சொன்னேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன்.

முதற்பருவத்தில் தமிழில் 84, ஆங்கிலத்தில் 72, கணிதத்தில் 61, அறிவியலில் 71, சமூக அறிவியலில் 86 பெற்றிருந்தாள், மொத்தம் 374. இரண்டாம் பருவத்தில் தமிழ் 86, ஆங்கிலம் 74, கணிதம் 60, அறிவியல் 80, சமூக அறிவியல் 88, மொத்தம் 388. நான்கு பாடங்களில் மதிப்பெண் உயர்ந்திருந்தது. ஒரு பாடத்தில் மட்டும் ஒன்று குறைந்திருந்தது. மொத்தத்தில் பதினான்கு கூடியிருந்தது. ஆயினும் பெற்றோர் கண்ணில் பட்டது வீழ்ச்சியே. இது எவ்வாறு நேர்ந்தது?

முதலில் தரத்தை நோக்குவோம். அப்பள்ளியில் மதிப்பெண்ணை எழுத்தாக மாற்றித் தருகின்றனர். 81 முதல் 90 வரை ஏ2. 71 முதல் 80 வரை பி1. 61 முதல் 70 வரை பி2. 51 முதல் 60 வரை சி1. சிறுமி கணிதத்தில் 61-லிருந்து 60-க்கு இறங்கினாள். குறைந்தது ஒரே மதிப்பெண். ஆனால் அந்த ஒன்று எல்லைக் கோட்டைத் தாண்டியதால், பி2 என்பது சி1 ஆயிற்று. அறிவியலிலோ அவள் 71-லிருந்து 80-க்கு ஏறினாள். ஒன்பது மதிப்பெண் கூடியும் இரண்டும் ஒரே எல்லைக்குள் இருப்பதால் பி1 என்பது பி1 ஆகவே நின்றது. மற்ற மூன்று பாடங்களிலும் எழுத்து மாறவில்லை. ஆகவே, ஐந்து பாடங்களிலும் மாறிய எழுத்து ஒன்றே. அதுவும் கீழ்நோக்கி மாறியது. எழுத்தை மட்டும் பார்ப்பவருக்கு அவள் இறங்கினாள் என்றே தோன்றும். எண்ணைப் பார்ப்பவருக்கே அவள் ஏறியதும் புலப்படும்.

எழுத்துத் தரம் பயனற்றது என்று இதற்குப் பொருளன்று. 84 பெற்றவனுக்கும் 86 பெற்றவனுக்கும் உள்ள சிறு வேற்றுமையைப் பெரிதாக்க வேண்டாம் என்பதற்காகவே இருவருக்கும் ஒரே எழுத்தை இடுகின்றனர். ஆனால் எல்லைக் கோட்டின் இருபுறமும் நிற்போரிடையே அதே சிறு வேற்றுமை பெரிதாகத் தோன்றிவிடுகிறது. எனவே எழுத்து மாறினால், உடனே அதன் அருகில் உள்ள எண்ணைப் பார்த்தல் வேண்டும்.

அடுத்தது, வகுப்பில் பெற்ற இடம். பெற்றோரைப் பெரிதும் கலக்கியது இதுவே. மொத்த மதிப்பெண் கூடியிருக்க, இடம் எவ்வாறு இறங்கும் என்று தங்கை கேட்டாள். அதற்கு விடை அட்டையில் இல்லை, வகுப்பாசிரியையிடம் இருந்தது. "அம்மையாரைப் பார்த்து இரண்டு செய்தி கேட்டு வா. இரு பருவத்திலும் வகுப்பின் சராசரி மொத்தம் எவ்வளவு? உன் மகளுக்குச் சற்று மேலே இருப்பவர்கள் எவ்வளவு மதிப்பெண் பெற்றார்கள்? பெயர் வேண்டாம், எண் போதும்" என்றேன்.

மறுநாள் அவள் பள்ளிக்குச் சென்று கேட்டு வந்தாள். நாற்பது பேர் கொண்ட அவ்வகுப்பின் சராசரி, முதற்பருவத்தில் 318; இரண்டாம் பருவத்தில் 335. அதாவது, வகுப்பே பதினேழு மதிப்பெண் உயர்ந்திருந்தது. வினாத்தாள் எளிதாக இருந்திருக்கலாம். பிள்ளைகள் கூடுதலாகப் படித்திருக்கலாம். எவ்வாறாயினும், எல்லோரும் ஏறும்போது சிறுமி பதினான்கு ஏறினாள். ஆகவே அவள் உயர்வை மிகைப்படுத்தி மகிழ்வதும் பொருந்தாது. வீழ்ந்தாள் என்று வருந்துவதும் பொருந்தாது. வகுப்போடு ஏறத்தாழச் சேர்ந்து நடந்தாள் என்பதே உண்மை.

இன்னொன்றும் தெரிந்தது. எட்டாம் இடத்தில் இருந்த மாணவர் பெற்ற மொத்தம் 394. பதினான்காம் இடத்தில் இருந்த நம் சிறுமி பெற்றது 388. இடைப்பட்ட ஆறே மதிப்பெண்ணுக்குள் ஏழு பிள்ளைகள் நெருங்கி நின்றனர். ஐந்து பாடங்களிலுமாக இன்னும் ஏழு மதிப்பெண் பெற்றிருந்தால் அவள் எட்டாம் இடத்தில் இருந்திருப்பாள். நடுவில் நிற்போர் எப்போதும் இவ்வாறு நெருங்கியே நிற்பர். அங்கே ஒரு சிறு அசைவும் பல இடங்களைத் தாண்டிவிடும். இடம் என்பது ஒருவர் எவ்வளவு கற்றார் என்பதைக் கூறுவதில்லை. அவருக்கு முன்னே எத்தனை பேர் நிற்கின்றனர் என்பதையே கூறுகிறது. முன்னே நிற்பவர் ஓரடி தொலைவில் இருக்கிறாரா, ஒரு கல் தொலைவில் இருக்கிறாரா என்பதை அது கூறாது. தமிழக அரசும் 2017 ஆம் ஆண்டு முதல், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. எனினும் சில பள்ளிகள் தம் அட்டைகளில் இடத்தைக் குறித்தே வருகின்றன.

"அப்படியானால் கவலை ஒன்றுமில்லையா, அண்ணா?" என்று தங்கை கேட்டாள்.

"ஒன்று உண்டு. ஆனால் நீ பார்த்த இடத்தில் அது இல்லை" என்றேன்.

கணித மதிப்பெண் 60 என்பது இரண்டு பகுதிகளின் கூட்டுத்தொகை. ஒன்று, பருவம் முழுவதும் வகுப்பில் நடைபெறும் செயல்பாடுகளுக்கும் சிறுதேர்வுகளுக்கும் உரியது. அதனை வளரறி மதிப்பீடு என்பர். அதற்கு 40 மதிப்பெண். மற்றொன்று, பருவ முடிவில் எழுதும் தேர்வுக்குரிய தொகுத்தறி மதிப்பீடு. அதற்கு 60 மதிப்பெண். முதற்பருவத்தில் சிறுமி இவற்றில் 32-உம் 29-உம் பெற்றாள், கூட்டினால் 61. இரண்டாம் பருவத்தில் 36-உம் 24-உம் பெற்றாள், கூட்டினால் 60. கூட்டுத்தொகையில் ஒன்றே குறைந்தது. ஆனால் எழுத்துத் தேர்வில் ஐந்து குறைந்திருந்தது. வகுப்புச் செயல்பாட்டில் ஏறிய நான்கு, அக்குறையை மறைத்துவிட்டது. நூற்றுக்கு அறுபது என்று பார்த்தவர்கள், அறுபதுக்கு இருபத்து நான்கு என்பதைப் பார்க்கவில்லை.

இதன் காரணத்தை அறிய ஆசிரியர் குறிப்பைப் படிக்க எண்ணினேன். ஆனால் நிழற்படத்தில் அட்டையின் அடிப்பகுதி இல்லை. மதிப்பெண்ணும் தரமும் இடமும் தெளிவாகத் தெரியும்படி படம் பிடித்தவர்கள், அதற்குக் கீழே இருந்த நான்கு வரிகளை விட்டுவிட்டனர். "கீழே எழுதியிருப்பதையும் அனுப்பு" என்றேன். "அங்கே கையெழுத்துப் போடும் இடம்தானே இருக்கிறது?" என்றாள் தங்கை. அனுப்பிய பின்னரே அவளும் அதைப் படித்தாள்.

அங்கே இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று வருகைப் பதிவு: பள்ளி நடந்த நாட்கள் 61, சிறுமி வந்த நாட்கள் 52. மற்றொன்று வகுப்பாசிரியையின் குறிப்பு: "கணக்கில் வழிமுறையை எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிறாள். வட்டம் பற்றிய பாடத்தை மீண்டும் படிக்க வேண்டும்."

'நன்று', 'முயற்சி தேவை' என்று மட்டும் எழுதப்பட்ட குறிப்புகள் உண்டு. அவற்றிலிருந்து பெற்றோர் எதையும் செய்ய இயலாது. ஆசிரியரை நேரில் கண்டு கேட்பதே வழி. பாடத்தின் பெயரையும் பிழையின் வகையையும் சுட்டும் குறிப்போ, இனிச் செய்ய வேண்டியதைக் கூறிவிடுகிறது. இக்குறிப்பு அத்தகையது. வருகைப் பதிவோடு அதனைச் சேர்த்துப் படித்தபோது தங்கைக்கு நினைவு வந்தது. கார்த்திகை மாதத்தில் சிறுமி காய்ச்சலால் தொடர்ந்து ஏழு நாட்கள் பள்ளிக்குச் செல்லவில்லை. வட்டம் பற்றிய பாடம் அந்நாட்களில்தான் நடந்திருந்தது.

விடைத்தாளும் இதனையே காட்டியது. ஏழு சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பளவைக் காணச் சொன்ன வினாவுக்கு, அவள் 44 என்று எழுதியிருந்தாள். அது பரப்பளவன்று, சுற்றளவு. ஆரத்தை இருமடங்காக்கி, ஏழில் இருபத்திரண்டு பங்கால் பெருக்கினால் சுற்றளவாகிய 44 சென்டிமீட்டர் கிடைக்கும். ஆரத்தை ஆரத்தாலேயே பெருக்கி, பின்பு அதே பங்கால் பெருக்கினால்தான் பரப்பளவாகிய 154 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். இவ்விரண்டையும் அவள் குழப்பிக்கொண்டிருந்தாள். இழந்த 36 மதிப்பெண்ணில், 19 வட்டம் பற்றிய வினாக்களில் போயின. 11 வழிமுறை எழுதாமையால் போயின. பிற பிழைகளால் போனவை ஆறே. எறிபந்து ஆட்டத்தால் போனது எதுவும் விடைத்தாளில் தென்படவில்லை.

அன்றிரவு சிறுமியின் தந்தை அவளை அருகே அழைத்தார். "காய்ச்சலில் நடந்த பாடத்தைப் பிறகு யாரிடமும் கேட்கவில்லையா, அம்மா?" என்றார். "எல்லோரும் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள், அப்பா. கேட்க வெட்கமாக இருந்தது" என்றாள் அவள். ஒரு தட்டையும் நூலையும் எடுத்து வந்து, விளிம்பைச் சுற்றி அளப்பது ஒன்று, தட்டின் உட்பரப்பை அளப்பது வேறொன்று என்று அவர் காட்டத் தொடங்கினார். ஆட்டத்தை நிறுத்தும் பேச்சு அதன்பின் எழவில்லை.

மூன்றாம் பருவம் முடிந்து, மீண்டும் ஒரு நிழற்படம் வந்தது. கணிதத்தில் வளரறி மதிப்பீட்டில் 36, தொகுத்தறி மதிப்பீட்டில் 33. மொத்தம் 69, தரம் பி2. இடம் பதின்மூன்று. முன்பு ஒன்பதாம் இடத்திலிருந்து இறங்கியதற்குக் கலங்கிய தங்கை, இப்போது இடத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. "அண்ணா, இந்த முறை படத்தில் கீழ்ப்பகுதியும் இருக்கிறது, முதலில் அதைப் படியுங்கள்" என்றாள். அங்கே ஆசிரியை, "வழிமுறையை எழுதுகிறாள், அலகை எழுத மறக்கிறாள்" என்று குறித்திருந்தார்.