ஞாயிறு கிளினிக்கும் ஏழு எமோஜியும்

ஒரு பல் மருத்துவமனையின் இன்ஸ்டாகிராம் பதிவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

🎉🎉 குட் நியூஸ்!! 🦷✨ இனி ஞாயிறும் கிளினிக் உண்டு 😍🔥 காலை 9 முதல் 1 வரை 🙏

திருவிழா நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. பல்வலிக்காரருக்கு வேண்டிய நேரமோ கடைசியில் கிடக்கிறது. ஃபீடில் முதல் ஓரிரு வரிகள்தான் தெரியும். மீதி 'more' தட்டினால்தான் வரும். எனவே செய்தியை முதல் வரிக்கே கொண்டுவர வேண்டும்:

இனி ஞாயிற்றுக்கிழமையும் பல் மருத்துவர் இருப்பார்.

காலை 9 முதல் 1 வரை. முன்பதிவு அவசியம்.

📍 பேருந்து நிலையம் எதிரில்
📞 வரவேற்பறை எண்

இங்கே இரண்டே எமோஜிகள். இடம், தொலைபேசி என்ற சொற்களின் வேலையை அவையே பார்க்கின்றன. விஷயம் மாறும் இடத்தில் மட்டும் ஒரு வெற்று வரி. வாக்கியத்துக்கு ஒன்று விட்டால் பதிவு பல்லிளிக்கும்.

எமோஜியை வாக்கியத்தின் நடுவே செருகாதீர்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொன்றின் பெயரையும் வாசிக்கும். மூன்று 🔥 போட்டால் 'நெருப்பு' மூன்று முறை ஒலிக்கலாம். மருத்துவமனை விளம்பரத்தில்!

இரங்கல், கட்டண உயர்வு அறிவிப்புகளுக்கு எமோஜியே வேண்டாம்.