நூறைத் தாண்டாத டிவி போர்ட்

லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய 4கே டிவியாக இருந்தாலும், அதன் பின்புறம் உள்ள லேன் போர்ட்டின் வேகம் பெரும்பாலும் நொடிக்கு 100 மெகாபிட்தான். அந்தத் தரம் 1995-ல் வந்தது. அதைப் போலப் பத்து மடங்கு வேகமான கிகாபிட் தரம் 1999-லேயே வந்துவிட்டது. இருந்தும் டிவி தயாரிப்பாளர்களில் பலர் இன்னும் பழையதையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். விவரக் குறிப்பில் ‘ஈதர்நெட்: 1’ என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள், வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

இதனால் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. வீட்டில் 300 மெகாபிட் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. போனில் வேகம் பார்த்தால் 280 காட்டுகிறது. டிவியில் கேபிளைச் செருகிப் பார்த்தால் 93. உடனே இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் போகும். அவர் வந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்த பழி கேபிள் மேல். ஆன்லைனில் ‘கேட் 8’ என்று தங்க முலாம் பூசிய ஒன்றை வாங்கி மாட்டினால், அப்போதும் அதே 93. மாறவே மாறாது. கேபிளின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் இணைந்த கணமே, தங்கள் இருவருக்கும் பொதுவான அதிகபட்ச வேகம் எது என்று பேசி முடிவு செய்துகொள்கின்றன. டிவிக்குத் தெரிந்தது 100 என்றால் ரௌட்டரும் 100-க்கு இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த நூறிலும் முகவரி, சரிபார்ப்பு என்று ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் ஒட்டி வரும் கூடுதல் சுமை போக, படத்துக்கென்று மிஞ்சுவது 94 அளவில்தான்.

கஞ்சத்தனம் என்று திட்டலாம்; ஆனால் அவர்கள் கணக்கு புரியாததல்ல. நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் இணைப்பு போதும் என்கிறது. மற்ற ஓடிடி தளங்களின் தேவையும் நூறுக்கு வெகு கீழேதான். ஓடிடி மட்டும் பார்க்கிற வீட்டுக்கு இந்தப் போர்ட் தாராளமாகப் போதும். அங்கே படம் திக்கினால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

தகராறு வருவது வேறொரு கூட்டத்துக்கு. 4கே புளூ-ரே வட்டுகளைத் தரம் குறைக்காமல் அப்படியே கோப்பாக்கி, வீட்டுக் கணினியிலோ நாஸ் பெட்டியிலோ வைத்து, பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள் வழியாக டிவியில் பார்ப்பவர்கள் அவர்கள். இங்கே இணையத்துக்கு வேலையே இல்லை. எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. இருந்தும் படம் நின்று நின்று ஓடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மணி நேரப் படம், கோப்பின் அளவு 62 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். எட்டால் பெருக்கி 7200 நொடிகளால் வகுத்தால், நொடிக்குச் சுமார் 69 மெகாபிட் வருகிறது. 94-க்குள் 69 அடங்கிவிடுகிறதே, பிறகென்ன?

69 என்பது சராசரி. இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் பின்னணி அசையாது. அதற்கு 40 போதும். மழை, புகை, வெடிப்பு, அலையடிக்கும் கடல் என்று திரை முழுவதும் நொடிக்கு நொடி மாறும் காட்சியில் தரவு குவிகிறது. 4கே புளூ-ரே தரமே நூறுக்கு மேல் போக இடம் கொடுத்திருக்கிறது. நம் படத்தில் ஒரு சண்டைக் காட்சி அரை நிமிடம் 120-ல் ஓடுகிறது என்று கொள்வோம். போர்ட் வழியாக வருவது 94. நொடிக்கு 26 மெகாபிட் பற்றாக்குறை. இந்த இடத்தில் கைகொடுப்பது பஃபர், அதாவது டிவி முன்கூட்டியே வாங்கி நினைவகத்தில் வைத்திருக்கும் தரவு. மொட்டைமாடித் தொட்டி மாதிரி: குழாயில் வருவதைவிட வேகமாகச் செலவானால் தொட்டி கொஞ்ச நேரம் தாங்கும். அந்தச் செயலி 50 எம்பி சேர்த்து வைத்திருந்தால் அது 400 மெகாபிட். 26-ஆல் வகுத்தால் 15 நொடி. பதினாறாம் நொடியில் நாயகன் கையை ஓங்கியபடி நிற்பான், திரை நடுவில் வட்டம் சுற்றும்.

போர்ட்தான் காரணம் என்பதற்கு நல்ல அடையாளமும் இதிலேயே இருக்கிறது. மறுபடி ஓட்டினாலும் ஏறக்குறைய அதே காட்சியில் நிற்கும். ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே என்று நின்றால் வைஃபையையோ படத்தை அனுப்பும் கணினியையோ சந்தேகிக்க வேண்டும்.

அப்படியானால் கேபிளுக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு, விளம்பரம் சொல்கிற விதத்தில் இல்லை. கேட் 5இ கேபிளே நூறு மீட்டர் வரை கிகாபிட் கொண்டுபோகும். புதிதாகச் சுவருக்குள் குழாய் பதிப்பவர் கேட் 6 போட்டால் நல்லது. கேட் 7, கேட் 8 வீட்டு டிவிக்கு வீண் செலவு. எண்ணைவிட முக்கியம், கம்பி முழுச் செம்பாக இருப்பதும் முனையை ஒழுங்காகக் கிரிம்ப் செய்திருப்பதும்தான். லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் இரண்டே போதும். கிகாபிட்டுக்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து நான்கும் வேண்டும். நீலக் கம்பி ஒன்று பிளக்குக்குள் சரியாகப் பதியவில்லை என்றால் இணைப்பு அறுந்துபோவதில்லை. பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், இணையம் வரும், யாருக்கும் சந்தேகம் வராது.

எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க, டிவியில் இருக்கும் அதே கேபிளைப் பிடுங்கி, கிகாபிட் போர்ட் உள்ள மடிக்கணினியில் செருகுங்கள். விண்டோஸில் ஈதர்நெட் அமைப்புக்குள் போனால் Link speed (Receive/Transmit) என்ற வரி இருக்கும். 1000/1000 என்று வந்தால் கேபிளும் ரௌட்டரும் நிரபராதிகள். தடை டிவியின் போர்ட்டில்தான். 100/100 என்று வந்தால் வேறொரு நல்ல கேபிளைப் போட்டுப் பாருங்கள். அதிலும் 100 என்றால் ரௌட்டரின் போர்ட்டே 100-ஆக இருக்கலாம். மலிவு விலை ரௌட்டர்களில் இது இன்றும் சகஜம்.

டிவி போர்ட்தான் தடை என்று உறுதியானால் முதலில் காசு செலவில்லாத வழியைப் பாருங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போடுங்கள். ரௌட்டர் அதே அறையில் இருந்தால் 200, 300 மெகாபிட் கிடைப்பது சாதாரணம். கம்பி எப்போதும் வைஃபையைவிட வேகம் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். படத்தை அனுப்பும் கணினி மட்டும் ரௌட்டரோடு கம்பியில் இருக்கட்டும். இரண்டும் வைஃபையில் போனால் ஒன்றின் நேரத்தை மற்றொன்று தின்னும்.

ரௌட்டர் தூரத்தில் இருந்தால், டிவியின் யூஎஸ்பி துளையில் செருகும் கிகாபிட் ஈதர்நெட் அடாப்டர் ஒன்று உண்டு. யூஎஸ்பி 2.0 துளையிலேயே 300-ஐ ஒட்டி வரும். ஆண்ட்ராய்டு டிவிகள் பலவற்றில் வேலை செய்கிறது, சிலவற்றில் கண்டுகொள்ளாது. டிவியின் மென்பொருளுக்கு அந்த அடாப்டரின் சிப் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில் வாங்குங்கள். இரண்டும் சரிப்படவில்லை என்றால், கிகாபிட் போர்ட் உள்ள தனிப் பெட்டியை எச்டிஎம்ஐ வழியாக இணைப்பதுதான் மிச்சம். என்விடியா ஷீல்ட் டிவியில் அது உண்டு. 2022-ல் வந்த ஆப்பிள் டிவி 4கே-யில் 128 ஜிபி மாடலுக்கு மட்டும் லேன் போர்ட் இருக்கிறது. 64 ஜிபி மாடலில் கிடையாது. பெட்டி வாங்கும்போது லேன் போர்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அது 100-ஆ 1000-ஆ என்று கேளுங்கள்.