ஏழு தலைப்பும் எழுதினால் போதுமா?

பத்து மார்க் கேள்விக்கு மூன்று மார்க்!

எங்கள் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் நிர்வாக இயல் படிக்கும் இளைஞர் ஒருவர், திருத்தி வந்த விடைத்தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"அண்ணே, ஏழு எஸ்-ஸையும் வரிசை தப்பாமல் எழுதியிருக்கிறேன். ஒன்றுகூட விடவில்லை. பிறகு ஏன் இப்படி?"

வாங்கிப் பார்த்தேன். ஏழு தலைப்புகளும் இருந்தன. ஒரு தலைப்புக்கும் அடுத்த தலைப்புக்கும் என்ன உறவு என்பது மட்டும் எங்கும் இல்லை. மார்க் போனது அங்கேதான்.

பரீட்சைக்குப் படிக்கும் நம் வாசகர்கள் பலருக்கும் இந்த இடறல் உண்டு. அதனால் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

ஏழும் எங்கிருந்து வந்தன?

1980ல் வாட்டர்மன், பீட்டர்ஸ், ஃபிலிப்ஸ் என்ற மூவர் அமெரிக்காவில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நிறுவனம் சரியாக நடக்கவில்லை என்றால் உடனே பதவிகளை மாற்றி, இலாகாக்களைப் பிரித்துச் சேர்ப்பது அந்நாளைய வழக்கம். அது மட்டும் போதாது என்பதே அவர்கள் வாதம். வியூகம், அமைப்பு, நடைமுறைகள், பொது லட்சியம், திறமை, நிர்வாகப் பாணி, பணியாளர் என ஏழு உண்டு. ஒன்றை அசைத்தால் மற்ற ஆறும் அசையும் என்றார்கள். ஆங்கிலத்தில் ஏழும் எஸ் எழுத்தில் தொடங்குவதால் ஏழு எஸ் என்ற பெயர் நிலைத்தது.

இனி கேள்விக்கு வருவோம்: "வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்கும் ஒரு தொழிலாளர் சங்கம், மதியத்துக்கு மேல் ஆன்லைன் வியாபாரிகளின் பார்சல்களையும் கொடுத்துவரத் தீர்மானிக்கிறது. ஆட்கள் அதே ஆட்கள். ஆறு மாதத்தில் பார்சல் தாமதமாகிறது. சாப்பாட்டு டப்பாக்களும் தாமதமாகின்றன. காரணம் காட்டுக."

கேள்வி கற்பனைதான். ஆனால் இதை மும்பையில் இருக்கும் நாம் புத்தகம் பார்த்துப் படிக்கவேண்டியதில்லை. டப்பாவாலாக்களை நினைத்துக்கொண்டால் போதும்.

ஒரு டப்பாவின் பயணம்

1890 வாக்கில் தொடங்கியதாகச் சொல்லப்படும் தொழில் இது. 2020க்கு முன் சுமார் ஐயாயிரம் பேர், நாளுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் டப்பாக்களைச் சுமந்தார்கள். அவர்களுடைய வியூகம் ஒரே வரி: குறைந்த கட்டணத்தில், குறித்த வேளையில், அதே வீட்டிலிருந்து அதே ஆபீசுக்கு.

அந்த "அதே" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. டப்பா மூடியில் உள்ள குறியில் முழு விலாசம் கிடையாது. எந்த ஸ்டேஷனிலிருந்து வருகிறது, எந்தப் பகுதியில் இறங்கவேண்டும், அங்கே யார் எடுப்பார், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று சில எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கும். போகும் இடம் மாறாததால் ஒருமுறை எழுதிய குறி நீண்ட நாள் உழைக்கிறது. இது நடைமுறை.

தினம் அதே சந்து, அதே படிக்கட்டு என்பதால் பள்ளிப் படிப்பு குறைந்தவரும் குறியைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுகிறார். இது திறமை.

பெரும்பாலோர் புனே மாவட்டத்து கிராமங்களிலிருந்து வந்தவர்கள். உறவு வழியாகவே புது ஆள் சேர்கிறார். இவர்கள் பணியாளர். முகாதம் எனப்படும் மூத்தவரின் கீழ் சிறு சிறு குழுக்கள். செலவு போக வருமானத்தைக் குழுவினர் ஏறக்குறைய சமமாகப் பங்கிடுகிறார்கள். இது அமைப்பு. தகராறு வந்தால் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது பாணி. பசித்தவனுக்குச் சோறு கொண்டு சேர்ப்பது விட்டலனுக்குச் செய்யும் தொண்டு என்ற பண்டரிபுர பக்தி, பொது லட்சியம்.

இங்கே ஒன்றை ஒன்று தாங்கி நிற்கிறது. அதனால்தான் மேற்பார்வைக்கு ஒரு பெரிய அதிகாரி வர்க்கம் தேவைப்படவில்லை.

பார்சல் வந்ததும்

இப்போது வியூகம் மாறுகிறது. பார்சல் இன்று ஒரு விலாசம், நாளை வேறு விலாசம். மூடிக் குறி இங்கே உதவாது. முழு விலாசம் படிக்கவேண்டும், போன் செய்யவேண்டும், ஆள் இல்லாவிட்டால் திரும்ப வரவேண்டும். ஆக நடைமுறை உடைகிறது. அது உடைந்ததும், அதன்மேல் வளர்ந்த திறமையும் பயன்படாமல் போகிறது.

அடுத்தது பணியாளர். "மதியத்துக்கு மேல் ஆட்கள் சும்மாதானே இருக்கிறார்கள்" என்று தீர்மானம் போட்டவர்கள் நினைத்திருப்பார்கள். அது தவறு. ஒரு மணிக்கு டப்பா கொடுத்தவர் சிறிது நேரத்தில் காலி டப்பாவைத் திரும்பச் சேகரித்து, ரயிலேற்றி, மாலைக்குள் வீடு சேர்க்கவேண்டும். பார்சலுக்காக ஒருவர் அரை மணி தாமதித்தால், அவருக்காக ஸ்டேஷனில் காத்திருக்கும் குழு முழுவதும் ரயிலைத் தவறவிடுகிறது. இன்று வீடு சேராத காலி டப்பாவில் நாளைக் காலை சோறு போடுவது எப்படி? சாப்பாடும் தாமதமானதற்குக் காரணம் இதுதான்.

அமைப்பிலும் சிக்கல். பார்சலை இரண்டு பேர் சுமக்க, கூலியைக் குழு முழுவதும் பங்கிடுவதா? முணுமுணுப்பு இங்கே தொடங்கும். பொது லட்சியமோ பார்சலோடு ஒட்டவே இல்லை. செருப்புப் பெட்டி தாமதமானால் யாரும் பட்டினி கிடப்பதில்லை என்பது சுமப்பவருக்குத் தெரியும்.

"பார்சலுக்கு ஒரு மேனேஜரைப் போடுக" என்று பலர் விடை எழுதுவார்கள். அது அமைப்பை மட்டும் அசைப்பது. 1980லேயே அந்த மூவர் எச்சரித்த தவறு. பேசித் தீர்த்துப் பழகியவர்கள்மீது கட்டளை இடுபவரை ஏற்றினால் பாணியும் கெடும்.

சரியான விடை இரண்டில் ஒன்று. வியூகத்தைச் சுருக்கி, டப்பா போகும் அதே கட்டடங்களுக்கு, குறி எழுதக்கூடிய நிரந்தர வாடிக்கையாளரின் கவர்களை மட்டும் டப்பாவோடு சேர்த்து எடுப்பது. அல்லது பார்சலுக்கென்று தனிக் குழு, தனிக் கணக்கு, போன் பழகிய தனி ஆட்கள் என்று வைத்துக்கொண்டு, டப்பாக் குழுவைத் தொடாமல் விடுவது. ஆறு எஸ்-களை மாற்றுவதைவிட ஒன்றைத் திருத்துவது மலிவு என்று காரணமும் எழுதவேண்டும்.

எட்டாவது ஒன்று

இந்த ஏழுக்கும் ஒரு குறை உண்டு. கடைசிப் பாராவில் அதைச் சொல்லிவிடுவது நல்லது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து லோக்கல் ரயில் பொதுமக்களுக்கு நின்றது, ஆபீஸ்கள் மூடின. டப்பாவாலாக்களிடம் ஏழும் பொருந்தித்தான் இருந்தன. ஆனாலும் தொழில் நின்றது. பலர் ஊர் திரும்பினார்கள். வெளியுலகத்துக்கு இந்த ஏழில் இடம் இல்லை. வண்டியின் ஏழு பாகமும் சரியாக இருக்கலாம். தண்டவாளம் இருக்கிறதா என்று தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

எல்லாவற்றையும் கேட்ட இளைஞர் விடைத்தாளைப் புரட்டினார்.

"காலி டப்பா திரும்பிப் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லையே அண்ணே. தினமும் லக்கேஜ் பெட்டியில் பார்த்துக்கொண்டுதானே வீட்டுக்குப் போகிறேன்!"

மீதி ஏழு மார்க் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.