இரும்பும் உடம்பும் – 9: கையின் பின்பக்கம்

அருப்புக்கோட்டை ஜிம்களில் மாலை நேரத்தில் கர்ல் பாருக்குத்தான் கிராக்கி அதிகம். கண்ணாடி முன்னால் நின்று பைசெப்ஸ் அடிப்பவர்கள் மாஸ்டரிடம் வைக்கும் குறையும் ஊருக்கு ஊர் ஒன்றுதான்: "அண்ணே, வாரம் தவறாம கை அடிக்கிறேன், சட்டைக்கை மட்டும் இறுக மாட்டேங்குதே."

இறுகாததற்குக் காரணம் பெரும்பாலும் முன்பக்கத்தில் இல்லை. மேற்கையின் சதையில் பெரும்பங்கு பின்பக்கத்து டிரைசெப்ஸ். அதற்கு மூன்று தலைகள். இரண்டு, மேற்கை எலும்பிலேயே தொடங்கி முழங்கையில் முடிகின்றன. மூன்றாவதான லாங் ஹெட் மட்டும் தோள்பட்டை எலும்பில் தொடங்குகிறது. மூன்றில் பெரியதும் அதுதான். முழங்கை, தோள் என இரண்டு மூட்டுகளையும் அது கடந்து போவதால், கை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் நீளம் மாறும். கையைத் தலைக்கு மேலே தூக்கி முழங்கையை மடக்கும்போதுதான் அது முழுவதுமாக இழுபடும்.

பாலவனத்தம், திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் இளைஞர்களுக்கு முதலில் பழகும் பயிற்சி தண்டால்தான். ஜிம்முக்கு வந்ததும் பெஞ்ச் பிரஸ் சேர்ந்துகொள்ளும். இரண்டிலும் டிரைசெப்ஸ் உழைக்கிறது என்பது உண்மை. ஆனால் இரண்டிலும் கை உடலுக்கு முன்னால்தான் இருக்கிறது. லாங் ஹெட் நீள்வதில்லை. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் 10 வாரம் பெஞ்ச் பிரஸ் மட்டும் செய்தவர்களுக்கு டிரைசெப்ஸின் வெளிப்பக்கத் தலை நன்றாகவே வளர்ந்தது. லாங் ஹெட்டில் அந்த அளவுக்கு மாற்றமில்லை. டிரைசெப்ஸுக்கென்றே தனிப் பயிற்சி செய்தவர்களுக்கோ அது வளர்ந்தது.

கோணம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஜப்பானின் மயேயோ குழு இன்னும் தெளிவாகக் காட்டியது. 21 பேர், ஒவ்வொருவரும் ஒரு கையைத் தலைக்கு மேலே வைத்தும், மறு கையை உடலோடு ஒட்டி வைத்தும் கேபிளில் முழங்கையை நீட்டினார்கள். வாரம் இருமுறை, ஒரு முறைக்கு 5 செட், 10 ரெப், மொத்தம் 12 வாரம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது மேலே தூக்கிச் செய்த கையில் லாங் ஹெட் 28.5 சதவீதமும், மறு கையில் 19.6 சதவீதமும் பெருத்திருந்தது. மற்ற இரண்டு தலைகளும்கூட மேலே தூக்கிய கையில்தான் கூடுதலாக வளர்ந்தன. இத்தனைக்கும் அந்தக் கை தூக்கிய எடை குறைவு. ஒரே ஆளின் இரண்டு கைகளையே ஒப்பிட்டதால், சாப்பாடு, தூக்கம், பரம்பரை என்று சாக்குச் சொல்ல இடமில்லை.

கர்லாக்கட்டை சுற்றுபவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். கட்டை முதுகுக்குப் பின்னால் இறங்கும்போது கை மேலேதானே இருக்கிறது? இருக்கிறது. தோளுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது. ஆனால் கட்டை தன் வேகத்தில் சுழன்று மேலே வந்துவிடுகிறது; முழங்கையை நீட்டும் சுமை டிரைசெப்ஸுக்குப் போதிய அளவு விழுவதில்லை. கட்டையை விடவேண்டாம், அதைக் கைக்கான செட் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம்.

அந்தக் கணக்குக்கு வருவோம். பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டை ஜிம்முக்கு வரும், மில்லில் ஷிப்ட் பார்க்கும் ஒருவரின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள், புதன், வெள்ளி உடல் முழுமைக்கும் பயிற்சி. கால் பயிற்சிகளை விட்டுப் பார்த்தால் பெஞ்ச் பிரஸ், ஷோல்டர் பிரஸ் சேர்த்து வாரம் 9 செட் தள்ளுகிறார். ரோயிங், புல்டவுன் சேர்த்து 9 செட் இழுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை 'கை நாள்': நின்றபடி பார்பெல் கர்ல் 12 செட்.

தள்ளும்போது டிரைசெப்ஸும் இழுக்கும்போது பைசெப்ஸும் துணைக்கு உழைப்பதால், அப்படிப்பட்ட ஒரு செட்டைக் கைக்கு அரை செட்டாக எண்ணுவது நல்ல வழக்கம். அப்படி எண்ணினால் இவருடைய பைசெப்ஸுக்கு வாரம் 16½ செட். டிரைசெப்ஸுக்கு 4½தான். பெரிய தசைக்குக் கால்வாசி கூலி! அந்த 12 செட்டிலும் பாதி வீண். முதல் செட்டில் நேராக நின்று 10 ரெப் எடுப்பவர், எட்டாவது செட்டில் இடுப்பை ஆட்டித்தான் பாரை மேலே கொண்டுவருகிறார். ஆடத் தொடங்கியபிறகு உழைப்பது முதுகு.

எத்தனை செட் வேண்டும்? 2017-இல் ஷோன்ஃபெல்ட் குழு பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், ஒரு தசைக்கு வாரம் 5 செட்டுக்கும் குறைவாகச் செய்தவர்களைவிட 10 செட்டும் அதற்கு மேலும் செய்தவர்களுக்கு வளர்ச்சி கூடுதலாக இருந்தது. ஆகவே இவர் 12 செட் அளவில் தொடங்கலாம். ஞாயிறு கை நாளை எடுத்துவிட்டு, அந்த வேலையை மூன்று நாளுக்கும் பிரித்துப் போடவேண்டும். திங்களன்று தலைக்கு மேல் டிரைசெப்ஸ் 3 செட், இன்க்ளைன் கர்ல் 3 செட். புதனன்று கேபிள் புஷ்டவுனும் ஹேமர் கர்லும் தலா 2. வெள்ளியன்று மறுபடி தலைக்கு மேல் 3, ப்ரீச்சர் கர்ல் 3. நேரடிப் பயிற்சி இரண்டு பக்கத்துக்கும் 8 செட். துணை வேலையையும் சேர்த்தால் 12½. இவை எல்லாம் பெரிய பயிற்சிகளுக்குப் பிறகே வரவேண்டும். டிரைசெப்ஸைக் களைக்கவைத்துவிட்டுப் பெஞ்சில் படுத்தால் நெஞ்சுக்கும் நஷ்டம்.

தலைக்கு மேல் செய்யும் பயிற்சிக்குக் கேபிள் இல்லாவிட்டாலும் ஒரு டம்பெல் போதும். உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதன் மேல் தட்டைத் தாங்கி, தலைக்குப் பின்னால் இறக்கவேண்டும். முன்கை பைசெப்ஸில் வந்து மோதும்வரை இறக்கி, ஒரு நொடி நிறுத்தி, மேலே ஏற்றவேண்டும். முழங்கை கொஞ்சம் வெளியே விலகினால் தப்பில்லை. பாதியில் திரும்பினால்தான் தப்பு. இழுபடும் அடிப்பகுதிக்காகத்தானே இந்தப் பயிற்சியே. 10 முதல் 15 ரெப், இன்னும் ஒன்றிரண்டு முடியும் என்ற நிலையில் நிறுத்தவேண்டும். முழங்கை முனையில் குத்தும் வலி வந்தால் எடையைக் குறைத்து ரெப்பைக் கூட்டலாம். அப்படியும் குறையாவிட்டால் புஷ்டவுனுக்கு மாறிவிடவேண்டும்.

பைசெப்ஸுக்கும் இதே சூத்திரம்தான். இன்க்ளைன் கர்லில் பெஞ்சை 45 முதல் 60 டிகிரிக்குச் சாய்த்து உட்கார்ந்தால் கை உடலுக்குப் பின்னால் தொங்கும், தசை நீண்ட நிலையில் வேலை தொடங்கும். முழங்கை முன்னால் நகர்ந்து வந்தால் எடை அதிகம் என்று பொருள். ப்ரீச்சர் பெஞ்சில் சுமை மிகுதியாக விழுவது கை நீளும் கீழ்ப்பாதியில். பலர் அந்தப் பாதியை விட்டுவிட்டு மேலே மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்காகக் கையைத் தடாலென்று கீழே விடவும் கூடாது. முழங்கைக்குக் கிட்டத்தில் பைசெப்ஸ் நாண் காயப்பட அது ஒன்றே போதும். ஹேமர் கர்ல், பைசெப்ஸுக்கு அடியிலுள்ள பிரேக்கியாலிஸையும் முன்கையையும் சேர்த்துப் பிடிக்கும்.

பலனை டேப்பால் அளக்கவேண்டும். தோள் முனைக்கும் முழங்கைக்கும் சரிபாதியில், கையைத் தொங்கவிட்டு, காலையில், பயிற்சிக்கு முன்பு. ஜிம்மிலிருந்து வந்த சூட்டில் அளந்தால் ரத்தம் ஏறிய வீக்கமும் சேர்ந்துவரும். மாதம் ஒருமுறை போதும். இரண்டு மாதமாக அளவும் நகரவில்லை, தூக்கும் எடையும் ஏறவில்லை, ஆனால் அடுத்த பயிற்சிக்குள் அலுப்பு தீர்ந்துவிடுகிறது என்றால் இரண்டு பக்கத்துக்கும் வாரம் 2 செட் கூட்டலாம். அலுப்பே தீராமல் எடை இறங்கிக்கொண்டு போனால் 2 செட் குறைக்கவேண்டும். நைட் ஷிப்ட் வாரங்களில் கூட்டவே வேண்டாம்.

இந்த வாரம் வாசகர்கள் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: தங்கள் பயிற்சி நோட்டை எடுத்து, டிரைசெப்ஸுக்கு வாரம் எத்தனை செட், அதில் கை தலைக்கு மேல் போவது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது எண் பூஜ்யமாக இருந்தால் மாற்றத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

(அடுத்த வாரம்: முன்கையும் பிடியும்)