துளையிடுமுன் நிலத்தைப் படித்தல்

கட்டடம் எழுப்புமுன் நிலத்தைத் துளையிட்டு மண்ணைச் சோதிப்பர். ஆனால், ஆறு அங்குல அகலமுள்ள துளை, தான் இறங்கிய இடத்தை மட்டுமே காட்டும். அதனை எங்கே இடுவது என்பதை முந்தைய ஆய்வே முடிவு செய்கிறது.

சென்னை தியாகராய நகரை எடுத்துக்கொள்வோம். அது 1920களில் பழைய ஏரியொன்றின் படுகையில் உருவானது. பழைய நிலப்படத்திலுள்ள ஏரிக்கரையை இன்றைய மனைப்படத்தின்மேல் பொருத்தினால், மனையின் பாதி படுகையிலும் மறுபாதி கரைக்கு வெளியிலும் அமைவது தெரியவரலாம். படுகைக் களிமண் மிகுதியாக அமுங்கும். வெளிமண் அவ்வளவு அமுங்காது. சுவரைப் பிளப்பது இவ்வேறுபாடே.

அடுத்து, நேரில் நடந்து பார்த்தல். அண்டையில் உறையிடாத கிணறு இருப்பின், களிமண் எத்தனை அடி, மணல் எங்கே தொடங்குகிறது என்பன அதன் பக்கங்களில் தெரியும். கோடையிலும் மழைக்காலத்திலும் நீர் நிற்கும் மட்டத்தை வீட்டுப் பெரியவரே சொல்வார்.

அண்டை வீட்டு வெடிப்பும் சான்றாகும். செங்கற் சுவரில் படிப்படியாகச் சாய்ந்தேறும் வெடிப்பு மேலே அகன்றிருந்தால், பெரும்பாலும் சுவரின் ஓரம் இறங்கியிருக்கும். கோடையில் விரிந்து மழையில் மூடினால், ஈரத்திற்கேற்பச் சுருங்கி விரியும் களிமண்ணை ஐயுறலாம். பூச்சில் மட்டும் மயிரிழையாய் ஓடுவதற்கு நிலத்தைக் குறைகூற வேண்டா.

இவை ஒத்துவந்தால், கரைக்கோட்டின் இருபுறமும் துளையிட வேண்டும். மண்ணின் வலிமையை அளக்கத் துளை இன்றியமையாதது. ஆயினும், நடுவில் ஒரே துளையிட்டவர் மறுபாதி மண்ணை அறியாமலே கடைகாலிடுவார்.